முதல் வீடு திரும்பும் இடம்: ஒரு சொல்தொகையின் கணக்கு



மொழியைப் பற்றிப் பேச அழைக்கப்பட்ட நாம் இன்று கணக்கைப் பற்றிப் பேசப் போகிறோம். ஆயினும் ஒரு சொல்லிலிருந்தே தொடங்குவோம். இடைநிலைப் பள்ளியில் கணக்கியல் படிக்கும் மாணவர்கள் 'தீத்திக் பூலாங் மோடால்' என்னும் மலாய்த் தொடரை அறிவார்கள். 'தீத்திக்' என்பது புள்ளி. 'பூலாங்' என்பது வீடு திரும்புதல். 'மோடால்' என்பது முதலீடு. இந்த 'மோடால்' வேறெங்கிருந்தும் வந்ததன்று. நம்முடைய 'முதல்' என்னும் சொல்லே அது. 1511-ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியர் மலாக்காவைக் கைப்பற்றுவதற்கு முன்பே இத்துறைமுகத்தில் தமிழ் வணிகர் இருந்தனர். 'கடை' மலாயில் 'கெடாய்' ஆனது போலவே 'முதல்' 'மோடால்' ஆயிற்று. ஆகவே அத்தொடரின் நேர்ப்பொருள், போட்ட முதல் வீடு திரும்பும் புள்ளி என்பதாகும்.

தமிழ் வணிகவியல் நூல்களில் இதனைச் 'சமநிலைப் புள்ளி' என்றும், 'இலாப நட்டமற்ற நிலை' என்றும் எழுதுகிறார்கள். பிழையில்லை. ஆனால் அவை தராசு முள் நடுவில் நிற்கும் தோற்றத்தைத் தருகின்றன. மலாய்த் தொடரோ ஒரு பயணத்தைக் காட்டுகிறது. முதல் கையை விட்டுப் போகிறது. சிறிது சிறிதாகத் திரும்பி வருகிறது. எத்தனையாவது விற்பனையில் அது முழுதும் வீடு சேர்கிறது என்பதே வினா. திருக்குறளில் 'தெரிந்துசெயல்வகை' அதிகாரமும், வரப்போகும் ஆக்கத்தை எண்ணிக் கையிலுள்ள முதலை இழக்கும் செயலை அறிவுடையோர் மேற்கொள்ளார் என்றே எச்சரிக்கிறது.

இக்கணக்கு நம் கைக்கு வந்தது ஒரு தோல்வியின் வழியாக. சில ஆண்டுகளுக்கு முன் மெர்லிமாவ் வட்டாரத் தோட்டங்களில் கேட்ட பாடல்களைத் தொகுத்து நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு நூல் வெளியிட்டோம். தொகுப்பும் அச்சுமாக மொத்தச் செலவு 9,000 ரிங்கிட். அச்சிட்டது 1,000 படி. ஒரு படியின் அடக்கம் 9 ரிங்கிட் என்று வகுத்தோம். விலையை இருமடங்காக்கி 18 ரிங்கிட் என்றோம். பாதி விற்றால் போதும், 500 படியில் முதல் வந்துவிடும் என்று மகிழ்ந்தோம். மூன்றாண்டுகளில் 540 படிகள் விற்றன. முதல் வரவில்லை.

காரணம் எளியது. அந்த 540-இல் 240 படிகளை நாங்களே நேரில் விற்றோம். அவை 4,320 ரிங்கிட் தந்தன. எஞ்சிய 300 படிகள் கடைகள் வழியாகச் சென்றன. கடைக்காரர்கள் நூற்றுக்கு நாற்பது கழிவு எடுத்துக்கொண்டார்கள். அது வழக்கமான கழிவுதான், குறை கூறுவதற்கில்லை. ஒரு படிக்கு எங்கள் கைக்கு வந்தது 10 ரிங்கிட் 80 காசு. 300 படிக்கு 3,240 ரிங்கிட். இரண்டையும் கூட்டினால் 7,560. குறித்த எண்ணிக்கையைத் தாண்டி 40 படிகள் கூடுதலாக விற்ற பின்னும் 1,440 ரிங்கிட் குறைந்தது. அட்டையில் அச்சிட்ட விலை ஒன்று, கைக்கு வரும் தொகை வேறு என்பதை நாங்கள் எண்ணவில்லை. எஞ்சிய கட்டுகளை இன்றும் ஒரு நண்பரின் வீட்டுப் பின்னறையில் கரையானிடமிருந்து காத்து வருகிறோம்.

அந்த 1,440 பெருந்தொகையன்று என்று நீங்கள் எண்ணக்கூடும். ஆனால் அது பணி ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியரின் சேமிப்பு. அது திரும்பியிருந்தால் அடுத்த நூலுக்கு அதுவே முதலாகியிருக்கும். அடுத்த நூல் என நாங்கள் எண்ணியிருந்தது தோட்டச் சொற்களின் தொகை. பொழுது புலருமுன் ஆள் கணக்கெடுக்கும் 'பெரட்டு', மரத்தில் பால் ஏந்தும் 'மங்கு', இருபுறமும் வாளி தொங்கத் தோளில் சுமக்கும் 'காண்டா' போன்ற சொற்கள் அதில் அடங்கும். முதலாவது ஆங்கிலத்தின் 'பரேடு'. மற்ற இரண்டும் மலாயின் 'மங்கோக்', 'கண்டார்'. இரப்பர் மரங்கள் இருந்த இடத்தில் செம்பனை நிற்கும் இந்நாளில் இச்சொற்களை நாளும் வழங்கியவர்கள் முதியோர் மட்டுமே. பணம் இல்லாமல் கடந்த ஆண்டுகளில், நாங்கள் ஒலிப்பதிவு செய்ய எண்ணியிருந்த இருவர் மறைந்துவிட்டனர்.

இப்போது அந்தச் சொல்தொகையை மீண்டும் கையில் எடுத்திருக்கிறோம். இம்முறை கணக்கை முதலில் எழுதினோம். அதனை உங்கள் முன் படிப்படியாக விரிக்கிறோம்.

செலவுகளை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்று பாடநூல் கூறும். ஒரு படி விற்றாலும் ஆயிரம் படி விற்றாலும் மாறாதது நிலைச்செலவு. ஒவ்வொரு படியோடும் சேர்ந்து வருவது மாறுசெலவு. விற்பனை விலையிலிருந்து மாறுசெலவைக் கழித்தால் எஞ்சுவதைப் பங்களிப்பு என்பார்கள். போட்ட முதலை மீட்பதற்கு அந்த ஒரு படி தரும் பங்கு அது. நிலைச்செலவை இந்தப் பங்களிப்பால் வகுத்தால் முதல் திரும்பும் எண்ணிக்கை கிடைக்கும். வாய்பாடு இவ்வளவே. கடினம், எந்தச் செலவு எந்தப் பக்கம் சேரும் என்பதில் இருக்கிறது.

பயணம், ஒலிப்பதிவை எழுத்தாக்கிய மாணவர்களுக்கு ஊதியம், படங்கள், பக்க அமைப்பு, மெய்ப்பு ஆகியவற்றுக்கு 8,000 ரிங்கிட். இது நிலைச்செலவு, ஐயமில்லை. வெளியீட்டு விழாவுக்கு மண்டபமும் சிற்றுண்டியும் 1,200. இதுவும் அப்படியே. அச்சுச் செலவு 1,000 படிக்கு 7,000 ரிங்கிட். இது எந்தப் பக்கம்? படிக்கு 7 ரிங்கிட் என்று எழுதினால் மாறுசெலவு போலத் தோன்றும். ரொட்டி சுடுபவருக்கு மாவு அப்படித்தான். இன்று விற்காது என்று தெரிந்தால் நாளை குறைவாகப் பிசைவார். நூலின் நிலை வேறு. அச்சகத்தில் ஆயிரம் படிக்கு ஒப்புதல் தந்த அன்றே 7,000 ரிங்கிட்டும் போய்விடுகிறது. அதன்பின் விற்காமல் கிடக்கும் படி நமக்கு 7 ரிங்கிட்டைத் திருப்பித் தருவதில்லை. அச்சு, அச்சிடும் எண்ணிக்கையோடு மாறும். விற்கும் எண்ணிக்கையோடு மாறாது. ஆதலால் மொத்தமாக அச்சிடும் நூலில் அச்சுச் செலவு முழுவதையும் நிலைச்செலவிலேயே சேர்க்க வேண்டும். அடக்க விலை என்று வகுத்து நாங்கள் முன்பு ஏமாந்ததும் இந்த இடத்தில்தான். ஆயிரத்தால் வகுக்கும்போதே ஆயிரமும் விற்றுவிடும் என்று நாம் ஒப்புக்கொண்டவர்கள் ஆகிறோம்.

ஆக நிலைச்செலவு 8,000, 7,000, 1,200 என மூன்றும் சேர்ந்து 16,200 ரிங்கிட். நூலின் விலை 30 ரிங்கிட். நேரில் விற்றால் 30 ரிங்கிட்டும் கைக்கு வரும். அஞ்சலில் அனுப்பினால் உறைக்கும் அஞ்சலுக்கும் 6 ரிங்கிட் போக 24 நிற்கும். கடை வழியாயின் 18. பத்துப் படி விற்றால் மூன்று நேரிலும், இரண்டு அஞ்சலிலும், ஐந்து கடையிலும் போகும் என்று கொண்டோம். பத்துப் படிக்கும் சேர்த்து வருவது 228 ரிங்கிட்; சராசரி 22 ரிங்கிட் 80 காசு. 16,200-ஐ இதனால் வகுத்தால் 710-க்குச் சற்று மேல் வரும். அரைப்படி விற்க இயலாது, எனவே 711.

பழைய முறைப்படி விழாச் செலவை மறந்துவிட்டு, 15,000-ஐ 30-ஆல் வகுத்திருந்தால் விடை 500. இரண்டுக்கும் இடையே 211 படிகளின் தொலைவு இருக்கிறது. தோட்டப் பள்ளிகளும் சிற்றூர்களுமாக உள்ள இவ்வட்டாரத்தில் 211 வாசகர்கள் என்பது சிறு எண்ணன்று.

இந்த 711-ஐ ஆயிரத்தோடு ஒப்பிட்டு ஆறுதல் அடையவும் கூடாது. ஆயிரமும் விற்பனைக்குரியவை அல்ல. சட்டப்படி தேசிய நூலகத்திற்கு 5 படிகள் தர வேண்டும். சொல் தந்த முதியோர்க்கும் அவர்தம் குடும்பங்களுக்கும், பள்ளி நூலகங்களுக்கும் தருவதைச் சேர்த்தால் 80 படிகள் விலையின்றிப் போகும். எஞ்சும் 920-இல் 711 விற்றாக வேண்டும். நான்கில் மூன்று பங்குக்கும் மேல்.

சராசரி என்பதும் சற்று ஏமாற்றும். மூன்று, இரண்டு, ஐந்து என்ற அளவு தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே சீராக இருக்காது. நம் நாட்டில் தமிழ் நூல்கள் எப்படி விற்கின்றன என்பதை அறிவீர்கள். வெளியீட்டு விழாவில் ஒரே மாலையில் பெருந்தொகை விற்கும். புரவலர்கள் உறையில் கூடுதலாகவும் வைத்துத் தருவார்கள். மறுநாள் முதல் அமைதி. விழாவில் 200 படி நேரில் விற்றால் 6,000 வரும். அஞ்சலில் 100 படி போனால் 2,400 வரும். நேரிலும் அஞ்சலிலும் வாங்கக்கூடியவர்கள் அதோடு தீர்ந்துவிட்டார்கள் என்று கொள்வோம். இன்னும் வர வேண்டிய 7,800 ரிங்கிட்டும் படிக்கு 18 ரிங்கிட் வீதம் கடையிலிருந்துதான் வர வேண்டும். அதற்கு 434 படிகள். மொத்தம் 734. முன் கண்ட 711-ஐ விட 23 கூடுதல். அந்தக் கடைசி 434 படிகளும் மெதுவாக நகர்பவை. கடைக்காரர் விற்ற பிறகே பணம் தருவார். விழா மேடையில் நின்று பார்க்கும்போது முதல் வேகமாக வீடு திரும்புவது போலத் தோன்றும். அந்த வேகத்தைக் கொண்டு எஞ்சிய வழியை அளக்கக் கூடாது.

ஆயிரத்தைக் குறைத்து, எண்ணிம அச்சில் 300 படி மட்டும் போட்டால் என்ன என்று எங்கள் குழுவில் ஓர் இளம் ஆசிரியை கேட்டார். நல்ல கேள்வி. சிறு அச்சில் படிக்கு 14 ரிங்கிட் ஆகும், 300-க்கு 4,200. மொத்தச் செலவு 13,400 ஆகக் குறைகிறது. ஆனால் முந்நூறையும் ஒன்று விடாமல், கழிவின்றி, 30 ரிங்கிட்டுக்கே விற்றாலும் வருவது 9,000. முதல் ஒருகாலும் திரும்பாது. அப்படியாயின் இது மூடத்தனமா? அன்று. உண்மையில் 250 படிதான் விற்கும் என்று வையுங்கள். சராசரிக் கணக்கில் 5,700 வரும். ஆயிரம் அச்சிட்டவருக்கு இழப்பு 10,500. முந்நூறு அச்சிட்டவருக்கு இழப்பு 7,700. ஒன்று முதலை மீட்கும் வாய்ப்பைத் தருகிறது; மற்றொன்று இழப்புக்கு வரம்பு கட்டுகிறது. முதல் திரும்பும் எண்ணிக்கை ஒன்றை மட்டும் பார்ப்பவர்க்கு இந்த இரண்டாவது உண்மை தெரியாது. விலையை 40 ரிங்கிட் ஆக்கலாமே என்றும் ஒருவர் சொன்னார். எண்ணிக்கை குறையும், உண்மை, வாங்குபவரும் குறைவர். அந்தச் சரிவு எவ்வளவு என்பதை வாய்பாடு சொல்லாது.

இங்கே ஒரு பெரிய எடுத்துக்காட்டை நினைவூட்டுவோம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியை இங்குள்ள ஆசிரியர்கள் அனைவரும் அறிவீர்கள். மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரியான சாண்ட்லர் முதற் பதிப்பாசிரியராகத் தொடங்கி, பேராசிரியர் வையாபுரிப் பிள்ளை காலத்தில் 1936-இல் ஆறு தொகுதிகளாக நிறைவேறியது. பின்னிணைப்பு 1939-இல் வந்தது. தொடக்கத்தில் ஒரு லட்சம் ரூபாய் ஆகும் என்று மதிப்பிட்ட பணி 4,10,000 ரூபாயில் முடிந்தது. விற்ற விலையை ஒருபுறம் வைத்துவிட்டு, ஒரு தொகுப்பு விற்றால் 50 ரூபாய் கைக்கு வரும் என்று பேச்சுக்குக் கொள்வோம். மதிப்பீட்டின்படி 2,000 தொகுப்புகள் விற்றால் போதும். உண்மைச் செலவின்படி 8,200 வேண்டும். விலையில் ஒரு காசும் மாறவில்லை, அச்சுக்கூலி மாறவில்லை. ஆயினும் எண்ணிக்கை நான்கு மடங்காகிவிட்டது. அகராதி என்பது ஏறத்தாழ முழுவதும் நிலைச்செலவால் ஆன பண்டம். சொல் தேடும் ஒவ்வோர் ஆண்டும் அந்தச் செலவில் ஏறும். எதிர்பார்த்ததை விட ஒவ்வொரு சொல்லும் கூடுதல் நாள் கேட்கும். அரசின் துணையும் பல்கலைக்கழகமும் இருந்ததால் அது முடிந்தது. தனி வணிகர் ஒருவர் தம் கைமுதலில் தொடங்கியிருந்தால் இடையிலேயே நின்றிருக்கும் என்பது நம் கருத்து. எங்கள் 8,000 ரிங்கிட்டும் நான்கு மாதங்களுக்கு முன் 6,500 ஆக எழுதப்பட்டிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இனி, நாங்கள் வந்து நிற்கும் இடத்திற்கு வருவோம். 8,000 ரிங்கிட் செலவாகிவிட்டது. சொற்கள் தொகுக்கப்பட்டு, பக்கங்கள் ஆயத்தமாக உள்ளன. அச்சுக்குக் கொடுப்பதா வேண்டாமா என்பதே இன்றைய வினா. இவ்வினாவுக்கு 711 விடையாகாது. அச்சிட்டாலும் அச்சிடாவிட்டாலும் அந்த 8,000 போனது போனதுதான். இனிமேல் போட வேண்டியது அச்சுக்கும் விழாவுக்குமான 8,200. அதைச் சராசரியால் வகுத்தால் 360. ஆக இரண்டு எண்கள் இருக்கின்றன. முழு முதலும் வீடு திரும்ப 711. இனிப் போடுவது மட்டும் திரும்ப 360. நிச்சயமாக 500 விற்கும் என்றால், கணக்கு முழுமையாக நேராகாது. ஆயினும் அச்சிடுவதே நட்டத்தைக் குறைக்கும். 360-ஐயும் எட்டாது என்றால், ஆயிரம் படி அச்சிடுவது போன பணத்தின் பின்னே இன்னும் பணத்தை அனுப்புவதாகும். இவ்வளவு பாடுபட்டோமே என்னும் எண்ணம் இந்த இடத்தில் கண்ணை மறைக்கும். எங்களுக்கும் மறைத்தது.

எத்தனை விற்கும் என்பதை அச்சிடுமுன் அறிய வழியுண்டா? பழைய வழி ஒன்று உண்டு. டாக்டர் உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, நூல் வெளிவருமுன்பே வாங்குவோரிடம் கையொப்பம் பெற்றார். ஊர் ஊராகச் சென்றும் அன்பர்கள் மூலமாகவும் திரட்டிய கையொப்பங்கள் அவருக்குப் பணத்துக்கு வழியாயின. எத்தனை பேர் விரும்புகிறார்கள் என்ற அளவாகவும் இருந்தன.

நாங்களும் அதையே செய்கிறோம். முன்பணம் செலுத்துவோர்க்கு விலை 25 ரிங்கிட். விழாவன்று நேரில் பெற்றுக்கொள்ள வேண்டும். கடைக்கழிவு இல்லை, அஞ்சல் இல்லை. இக்கணக்கில் 8,200-ஐ 25-ஆல் வகுத்தால் மிச்சமின்றி 328. அத்தனை முன்பதிவு வந்துவிட்டால் அச்சும் விழாவும் விற்பனை தொடங்குமுன்பே தம்மைத் தாமே மீட்டுக்கொள்ளும். பிறகு விற்பவை ஆசிரியரின் சேமிப்பை நோக்கி நடக்கும். சிறு அச்சுக்கு இனிப் போட வேண்டியது 5,400. அதற்கு 216 முன்பதிவு போதும். விலையின்றித் தரும் 80 போக அம்முந்நூறில் எஞ்சுவது 220 என்பதால் எண்ணும் பொருந்துகிறது. இடையில் 250-இல் நின்றால், பெரிய அச்சுக்கு 1,950 ரிங்கிட் குறையும்; கடை வழியாக 109 படிகள் விற்றால் அது நிறையும். அந்த 109 எங்களால் இயலும் என்று முன்னைய நூலின் அனுபவத்தால் துணிகிறோம்.

ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: வாய்மொழியாக 'எனக்கொன்று வையுங்கள்' என்றவர்களை நாங்கள் எண்ணவில்லை. பணம் செலுத்திப் பற்றுச்சீட்டு பெற்றவர்கள் மட்டுமே கணக்கில் வருகிறார்கள். அந்தப் பணமும் இன்னும் வரவு ஆகவில்லை. நூல் கைக்குச் சேரும்வரை அது கடன். தனிக் கணக்கில் இருக்கிறது. அச்சிட வேண்டாம் என்று முடிவானால் அவரவர்க்குத் திருப்பித் தரப்படும்.

பொங்கலுக்கு முந்தின நாள் மாலை கணக்கை மூடுகிறோம். இன்று காலை வரை பற்றுச்சீட்டுகள் 187. சிறு அச்சுக்கு இன்னும் 29 வேண்டும். பெரிய அச்சுக்கு 141. மாதிரிப் பக்கங்கள் மண்டப வாயிலில் உள்ள மேசையில் இருக்கின்றன. அவற்றில் 'பெரட்டு' என்னும் சொல்லின் பக்கத்தையேனும் பாருங்கள். பொருள் விளக்கத்தில் பிழையிருந்தால் ஓரத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். அச்சுக்குப் போகுமுன் அதைத் திருத்துவதற்குச் செலவில்லை.